குஸ்காவும் முந்நூற்றைம்பது சதவீதமும்

அக்கா மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் சாப்பாடு, முப்பத்தைந்து பேர். வெளியே சமையலுக்குச் சொல்ல வேண்டாம், அம்மாவின் குஸ்காவையே செய்துவிடலாம் என்று முடிவானது. அம்மாவின் நோட்டில் இருப்பது பத்துப் பேருக்கான அளவு: சீரக சம்பா அரிசி 1 கிலோ, சின்ன வெங்காயம் 300 கிராம், தக்காளி கால் கிலோ, இஞ்சி பூண்டு விழுது 120 கிராம், தயிர் 150 மில்லி, எண்ணெயும் நெய்யுமாக 200 மில்லி, தண்ணீர் 1.8 லிட்டர், உப்பு, பச்சை மிளகாய், புதினா, மல்லி, பட்டை வகையறா.

பத்து முப்பத்தைந்தானால் மூன்றரை மடங்கு. தம்பி மளிகைக் கடையில் நின்றபடி போன் செய்தான். "நோட்டுல இருக்கறதைவிட 250 சதவீதம் கூடப் போடணும்" என்றேன். அவன் இரண்டரை கிலோ அரிசியோடு வந்து நின்றான். அவன்மேல் தப்பு இல்லை. 250 சதவீதம் *கூட்டினால்* மூன்றரை கிலோ, 250 சதவீதம் *ஆக்கினால்* இரண்டரை கிலோ. போனில் சொல்லும்போது அந்த ஒரு சொல் காதில் நிற்காது. ஒரு கிலோவுக்காக மறுபடி கடைக்குப் போய் வந்தான்.

அன்றிலிருந்து நான் சதவீதத்தை வாயால் சொல்வதில்லை. முதலில் அதை ஒரு பெருக்கும் எண்ணாக மாற்றிவிடுகிறேன்:

புதிய அளவு = நோட்டு அளவு × (100 + கூட்டும் சதவீதம்) ÷ 100

250 சதவீதம் கூட்டினால் 3.5. 40 சதவீதம் கூட்டினால் 1.4. 70 சதவீதம் குறைத்தால் 0.3. "எல்லாத்தையும் 3.5-ஆல பெருக்கு" என்று சொன்னால் யாருக்கும் இரண்டு அர்த்தம் தோன்றாது.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, திரும்பி வரும் வழியில் இருக்கிறது. 1000 கிராமை 20 சதவீதம் கூட்டினால் 1200. அந்த 1200-ஐ 20 சதவீதம் குறைத்தால் 1000 வராது, 960 தான் வரும். இரண்டாவது முறை எடுக்கும் இருபது சதவீதம் 1200-இல் இருந்து எடுக்கப்படுகிறது, அதனால் அது 240. அம்மாவின் நோட்டில் பழைய அளவுகளை அடித்துவிட்டு மேலே புது அளவு எழுதிய பக்கங்கள் சில உண்டு. அப்படிக் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, ஒரு லட்டுக் குறிப்பில் சர்க்கரை ஒரு பக்கமும் கடலை மாவு ஒரு பக்கமுமாக விலகிப் போயிருந்தது. முதல் அளவை அடிக்கவே கூடாது. அது அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே பெருக்க வேண்டும்.

பெருக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. "ஒரு கைப்பிடி புதினா" என்பதை 3.5-ஆல் பெருக்க முடியாது. அம்மாவின் கைப்பிடியை எடைத் தட்டில் வைத்துப் பார்த்தேன், 28 கிராம். என் கைப்பிடி 19. ஒரு கைப்பிடியில் ஒன்பது கிராம் பெரிய விஷயமில்லை, மூன்றரை கைப்பிடியில் அது ஒரு முழுக் கைப்பிடிக்கு மேல். உப்பும் இப்படித்தான். "ஒன்றரைக் கரண்டி" என்று எழுதியிருந்தது கல்லுப்பு. அதே கரண்டியில் தூளுப்பு நெருக்கமாக உட்காரும், எடை கூடுதலாக வரும். அம்மா போடும் கல்லுப்பை அவர் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லி நிறுத்தேன், 30 கிராம். பச்சை மிளகாய் பன்னிரண்டு என்பது 40 கிராம், பட்டை நான்கு துண்டு என்பது 6 கிராம். பத்து நிமிட வேலை. இது முடிந்த பிறகுதான் அந்தக் குறிப்பைப் பெருக்குவதில் அர்த்தம் இருந்தது.

காதுகுத்துக்கு முந்தின நாள் நான் செய்தது, பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் ஒழுங்காக 3.5-ஆல் பெருக்கியது. அரிசி 3.5 கிலோ, வெங்காயம் 1050 கிராம், உப்பு 105 கிராம், தண்ணீர் 6.3 லிட்டர். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. வாடகைக்கு எடுத்த பெரிய அடுப்பு, அண்டா, எல்லாம் தயார். தம் திறந்தபோது மேலே இருந்த அரிசி பரவாயில்லை. கீழே கரண்டி போட்டால் களி மாதிரி இழுத்தது. ருசி அம்மாவின் ருசிதான், யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். ஆனால் சீரக சம்பா ஒவ்வொரு மணியாக நிற்க வேண்டிய அரிசி, அது குழைந்து கிடந்ததைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

பந்தி முடிந்து பாத்திரம் எடுக்க வந்த சமையல் மாஸ்டர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். "மசாலா அருமைக்கா. தண்ணிதான் வீட்டுக் கணக்குல ஊத்திட்டீங்க. தண்ணி அரிசிக்கு மட்டும் இல்ல, அடுப்புக்கும் சேர்த்துத்தான" என்றார். அவர் சொன்னதை நான் பிறகு பல நாள் யோசித்தேன், எடை போட்டும் பார்த்தேன். முழு விஷயமும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

வீட்டில் 1 கிலோ குஸ்கா செய்தபோது பாத்திரத்தின் எடை, உள்ளே போன ஒவ்வொன்றின் எடை, கடைசியில் தம் பிரித்ததும் மொத்த எடை என்று குறித்துக்கொண்டேன். ஊற்றிய 1.8 லிட்டரில் சுமார் 1.4 லிட்டர் பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது, அரிசிக்குள் போய்விட்டது. மீதி 400 மில்லி ஆவியாகிப் போயிருந்தது. ஊறவைத்த அரிசி தன்னோடு கொண்டுவரும் தண்ணீர் தனி, அது எந்த அளவில் செய்தாலும் அரிசியின் அதே விகிதத்தில்தான் வரும், அதனால் அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம்.

ஆக நோட்டில் ஒரே வரியாக எழுதியிருக்கும் "தண்ணீர் 1.8 லிட்டர்" உண்மையில் இரண்டு பொருள். 1.4 லிட்டர் அரிசிக்குச் சொந்தம். அரிசி மூன்றரை மடங்கானால் அதுவும் மூன்றரை மடங்காகும். 400 மில்லி அடுப்புக்குச் சொந்தம். தண்ணீர் கொதி நிலைக்கு வந்துவிட்டால், நிமிடத்துக்கு எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது பாத்திரத்துக்குள் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதல்ல. அடுப்பு எவ்வளவு சூடு தள்ளுகிறது, மூடி எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, இந்த இரண்டும்தான். அரிசி வேக எடுக்கும் நேரம் அளவைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. அதனால் அந்த 400 மில்லியை அரிசியின் மடங்கால் பெருக்கக் கூடாது, அடுப்பின் மடங்கால் பெருக்க வேண்டும்.

அடுப்பின் மடங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் தண்ணீரை வைத்துத்தான். வீட்டு அடுப்பின் பெரிய பர்னரில் அதே பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்து, நன்றாகக் கொதித்த பிறகு மூடி இல்லாமல் பத்து நிமிடம் விட்டு, மீதியை அளந்தேன். 250 மில்லி குறைந்திருந்தது. அடுத்த விசேஷத்துக்கு அதே வாடகை அடுப்பும் அண்டாவும் வந்தபோது முதல் வேலையாக அதையே செய்தேன், இந்த முறை ஐந்து லிட்டர் வைத்து. பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட 480 மில்லி. அதாவது அந்த அடுப்பு என் வீட்டு அடுப்பைப் போல 1.9 மடங்கு. மூன்றரை மடங்கு அல்ல.

இனி கணக்கு எளிது. அரிசிக்கு 1.4 × 3.5 = 4.9 லிட்டர். ஆவிக்கு 0.4 × 1.9 = 0.76 லிட்டர். மொத்தம் 5.66. காதுகுத்து வீட்டில் நான் ஊற்றியது 6.3. முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, போக வழியில்லாத தண்ணீர் அந்த அண்டாவில் நின்றிருக்கிறது. அது அரிசிக்குள்தான் போயிருக்கும், வேறு எங்கே போகும்?

குழைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொதிக்கிற உலையில் ஊறின அரிசியைப் போட்டதும் கொதி அடங்கும். வீட்டில் மறுபடி கொதி எழ மூன்றரை, நான்கு நிமிடம் ஆகும். அண்டாவில் சூடாக்க வேண்டிய சரக்கு மூன்றரை மடங்கு, அடுப்போ 1.9 மடங்குதான். அதனால் கொதி திரும்ப ஆறு, ஏழு நிமிடம். அந்தக் கூடுதல் மூன்று நிமிடமும் அரிசி வெந்நீரில் கிடந்து ஊறுகிறது. இதற்கு நான் செய்வது, உலையை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டவுடன் மூடிவிடுவது. கொதி எழுந்த பிறகுதான் மூடியை எடுப்பேன். அடுப்பை முழுவதுமாக எரிய விட வேண்டும். இந்த நேரத்தில் கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் மணி உடையும், மாவு கரைந்து உலை கெட்டியாகும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு இடம் இருக்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கி அரிசி மட்டத்துக்கு வந்து, மேலே குழி குழியாகக் கொப்பளிக்கும்போது நடுவிலிருந்து ஒரு மணியை எடுத்து விரலுக்கிடையில் நசுக்குங்கள். வெளியே மென்மையாக, உள்ளே ஊசி முனை அளவுக்கு வெள்ளைக் கரு தெரிந்தால் மூடித் தம் போடலாம். கருவே இல்லாமல் நசுங்கிவிட்டு, தண்ணீரும் இன்னும் அரிசிக்கு மேலே நின்றால் தண்ணீர் கூடிப்போயிற்று. அப்போதே சின்னக் கரண்டியால் ஓரத்திலிருந்து தண்ணீரை மொண்டு எடுத்துவிட வேண்டும், தம்மில் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. எதிர்மாறாக, தண்ணீர் வற்றியும் கரு பெரிதாகக் கடிபட்டால் வெந்நீரைக் கையால் தெளித்து மூடலாம். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

பெரிய அண்டா சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். வீட்டில் தம் முடிந்து அரைமணி நேரம் அப்படியே விட்டால் ஒன்றும் ஆகாது. அண்டாவில் அடுப்பை அணைத்த பிறகும் அடியில் வெந்துகொண்டே இருக்கும், மேலே இருக்கிற அரிசியின் பாரமும் அழுத்தும். அதனால் தம் பிரித்ததும் பத்து நிமிடத்துக்குள் அகலமான தாம்பாளங்களுக்கு மாற்றிவிடுகிறோம்.

உப்பைப் பற்றி ஒரு நம்பிக்கை இருக்கிறது: அளவு கூடும்போது உப்பை மட்டும் குறைத்துத்தான் போட வேண்டும் என்று. எடை போட்டுப் பார்த்த வரையில் எனக்கு இது சரியாகத் தெரியவில்லை. உப்பு ஆவியாகாது. சாப்பிடப் போகிற சோறு மூன்றரை மடங்கு என்றால் உப்பும் மூன்றரை மடங்கு, 105 கிராம். ஆனால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. நாம் உப்புப் பார்ப்பது உலைத் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து. வீட்டில் 1.8 லிட்டரில் 30 கிராம், அதாவது லிட்டருக்கு 17 கிராம் போல. அண்டாவில் 5.66 லிட்டரில் 105 கிராம், லிட்டருக்கு 18.5. உலை கொஞ்சம் கூடுதலாகக் கரிக்கும். வீட்டு நாக்கோடு ருசி பார்த்தால் உப்பு அதிகம் என்று தோன்றும், கை தானாகத் தண்ணீரை ஊற்றப் போகும். ஊற்றினால் அரிசி குழையும். கடைசியில் சோற்றில் உப்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் வீட்டில் பிறகு ஆவியாகப் போகிற தண்ணீரும் சேர்ந்து உலையை நீர்க்கச் செய்திருந்தது. பயமாக இருந்தால் நூறு கிராமை முதலில் போட்டுவிட்டு ஐந்து கிராமைக் கையில் வைத்துக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மசாலா பொருட்களில் நேரான பெருக்கலுக்கு ஒத்துவராதவை பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. இவை எண்ணெயில் பொரிந்து, பிறகு உலையில் கிடந்து சாறு இறங்கும் பொருட்கள். பெரிய அளவில் ஒவ்வொரு படியும் நீளும், உலை கொதிக்க நேரம், கொதி திரும்ப நேரம், தம்மில் கூடுதல் நேரம். அதனால் நான் பெருக்கி வருவதில் முக்கால் பங்குதான் போடுகிறேன். கிராம்பு எட்டை 3.5-ஆல் பெருக்கினால் 28, நான் போடுவது 21. முழு 28-உம் போட்ட அன்று சோறு ஆறின பிறகு கிராம்புக் காரம் தூக்கலாக நின்றது. பச்சை மிளகாய்க்கு நான் குறைப்பதில்லை, எடைக்கு எடை போடுகிறேன்.

வெங்காயத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அது போன பிறகுதான் வெங்காயம் சிவக்கும். வீட்டில் 300 கிராம் பன்னிரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகும். 1050 கிராமை ஒரே தடவையில் கொட்டினால் அடியில் இருப்பது மட்டும் சூடு காணும், மேலே இருப்பது அதன் ஆவியிலேயே வெந்து துவண்டுவிடும். இருபத்தைந்து நிமிடம் வதக்கியும் நிறம் வெளுப்பாகவே இருந்ததைக் காதுகுத்து வீட்டில் பார்த்தேன். குஸ்காவின் நிறமும் இனிப்பும் அந்த வெங்காயத்தில்தான் இருக்கிறது. இப்போது மூன்று பங்காகப் பிரித்து, ஒன்று சிவந்து ஓரத்துக்குத் தள்ளிய பிறகு அடுத்ததைப் போடுகிறேன். எண்ணெய் நெய் 700 மில்லிக்குப் பதில் 600 போதுமாக இருக்கிறது, பாத்திரத்தின் அடியில் பரவ வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்பதால். தக்காளி, தயிர், இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லி எல்லாம் நேர்ப் பெருக்கல்.

குறைக்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் குழந்தைக்கும் 300 கிராம் அரிசி, பெருக்கும் எண் 0.3. தண்ணீரை அப்படியே பெருக்கினால் 540 மில்லி. அதில் அரிசிக்கு 420, ஆவிக்கு 120 தான் மிச்சம். பெரிய பர்னரை முழுசாக எரியவிட்டால் அந்த 120 ஐந்து நிமிடத்தில் போய்விடும், அரிசி பாதி வேக்காட்டில் நிற்கும். "கொஞ்சமா செஞ்சா அரிசி வேகவே மாட்டேங்குது" என்று சித்தி சொல்வது இதைத்தான். குறைக்க வேண்டிய பொருட்களில் தீயும் ஒன்று. நான் சின்ன பர்னருக்கு மாற்றி, குறுகலான பாத்திரத்தில் மூடியைப் பாதி திறந்து வைத்துச் செய்து பார்த்தேன். ஆவியாகப் போனது 180 மில்லி. ஆக 600 மில்லி ஊற்றுகிறேன். அன்னாசிப்பூ இரண்டு என்பது இங்கே 0.6 ஆகும். ஒரு பூவில் பெரும்பாலும் எட்டு இதழ் இருக்கும், ஐந்தைக் கிள்ளிப் போட்டால் கணக்கு சரி. கிராம்பு 2.4 வரும், இரண்டு போதும்.

எவ்வளவு தூரம் இப்படிப் பெருக்கலாம்? ஐந்து கிலோவுக்கு மேல் நான் வீட்டு நோட்டை எடுப்பதில்லை. அதற்குமேல் விறகடுப்பு, பெரிய தேக்‌ஷா, மூடிமேல் தணல் என்று சமைக்கும் முறையே மாறுகிறது. ஒரு கிலோவில் எடுத்த அளவு அங்கே சாட்சி சொல்லாது. பத்துக் கிலோ செய்து பழகிய ஒருவரின் அளவை வாங்கி அதிலிருந்து பெருக்குவதுதான் நல்லது.

போன மாதம் அம்மா வீட்டில் பதினெட்டுப் பேர். "80 சதவீதம் கூட்டணுமா, 180 சதவீதம் கூட்டணுமாடி?" என்று அம்மா கேட்டார். "1.8-ஆல பெருக்கும்மா" என்றேன். அடுப்பு அதே வீட்டு அடுப்பு, பாத்திரமும் அதே பாத்திரம், அதனால் ஆவிக்கு அதே 400 மில்லிதான். அரிசிக்கு 2.52 லிட்டர். மொத்தம் 2.9 என்று வைத்துக்கொண்டோம், நேராகப் பெருக்கியிருந்தால் 3.24 வந்திருக்கும். தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று அம்மா இரண்டு முறை சொன்னார். கால் லிட்டர் வெந்நீரைப் பக்கத்து அடுப்பில் வைத்துக்கொண்டே நின்றார். குழி விழுந்ததும் ஒரு மணியை எடுத்து நசுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டார். தம் பிரித்த பிறகு அந்த வெந்நீரில் காபி போட்டோம். நோட்டில் "தண்ணீர் 1.8" என்று இருந்ததை அடிக்காமல், பக்கத்திலேயே பென்சிலால் "அரிசிக்கு 1.4, அடுப்புக்கு 0.4" என்று அம்மா எழுதி வைத்திருக்கிறார்.